50,000 டாலருக்கு பில், 49,740 டாலர் வரவு

திருப்பூரிலிருந்து 12,500 பருத்தி டி-ஷர்ட்டுகள் ஜெர்மனிக்குப் போகின்றன. ஒன்றின் விலை 4 டாலர். இன்வாய்ஸ் தொகை 50,000 டாலர். தூத்துக்குடியில் கப்பலேற்றும் வரைதான் விற்பவர் பொறுப்பு. அதற்குப் பிறகான கப்பல் கட்டணம் வாங்குபவருடையது. வாங்குபவர், திருப்பூர் பேச்சில் பையர், தன் ஊர் வங்கி மூலம் அதே 50,000 டாலருக்கு எல்.சி. திறந்து அனுப்பியிருக்கிறார். சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. தரத்தில் புகார் இல்லை. பையரும் தன் வங்கியில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். ஆனாலும் திருப்பூர் வங்கிக்கு வந்தது 49,740 டாலர்தான்.

கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்துக்கொண்ட உதாரணம் இது. ஆனால் எல்.சி.யில் ஏற்றுமதி செய்யும் யாரிடம் கேட்டாலும் இதைப் போன்ற ஒரு பில்லை எடுத்துக் காட்டுவார். "பேங்க் சார்ஜுங்க, எப்பவும் பிடிக்கிறதுதானுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அந்தப் பதிலைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். குறைந்த 260 டாலர் ஒரே காரணத்தால் குறையவில்லை. அதில் ஒரு பகுதி நியாயமானது, ஒரு பகுதி தவிர்த்திருக்கக்கூடியது, ஒரு பகுதி எடுக்கவே உரிமை இல்லாமல் எடுக்கப்பட்டது. மூன்றையும் "சார்ஜ்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், எதைக் கேட்டு வாங்கலாம், எதை அடுத்த முறை தடுக்கலாம் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

எல்.சி. என்பது வங்கி கொடுக்கும் வாக்குறுதி. இன்ன ஆவணங்களை இன்ன தேதிக்குள் சரியாகக் கொடுத்தால் இவ்வளவு பணம் தருகிறேன் என்று பையரின் வங்கி எழுதிக் கொடுக்கிறது. பையர் நொடித்துப்போனாலும் அந்த வாக்கு நிற்கும். ஆனால் வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும்தான். டி-ஷர்ட்டை அது பார்ப்பதில்லை. பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தகச் சபை வகுத்து, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் யூ.சி.பி. 600 விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. உலகில் திறக்கப்படும் எல்.சி.க்களில் பெரும்பாலானவை இந்த விதிகளுக்கு உட்பட்டவையே. சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆவணத்தில் ஒரு பிழை இருந்தால் வாக்குறுதி அந்த இடத்திலேயே நின்றுவிடும். பையர் மனம் வைத்தால்தான் மேலே நகரும்.

நம் கதையில் சரக்கு கப்பலேறியதும் ஏற்றுமதியாளர் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங், பிறப்பிடச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்துத் தன் வங்கியில் கொடுக்கிறார். வங்கிக்கு இப்போது இரண்டு வழிகள். ஆவணங்களை ஜெர்மனிக்கு அனுப்பி, பணம் வந்த பிறகு கொடுக்கலாம். அல்லது ஆவணங்களைத் தானே வாங்கிக்கொண்டு பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். இரண்டாவதற்குப் பெயர் நெகோஷியேஷன். அடுத்த வாரம் நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் பணம் தர வேண்டிய ஏற்றுமதியாளர் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார். பல நேரங்களில் இந்தப் பணம் கைக்கே வராது. துணி வாங்க முன்பு எடுத்த பேக்கிங் கிரெடிட் கடனை அதே வங்கி இதில் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கணக்கில் வைக்கும்.

கணக்கைப் பார்ப்போம். கப்பலேற்றிய நாளில் டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டு விற்பனையை 42,50,000 ரூபாய்க்குப் புத்தகத்தில் எழுதியாயிற்று. நெகோஷியேஷன் நாளில் வங்கி டாலரை 85.20 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறது. மொத்தம் 42,60,000 ரூபாய். இதில் முதலில் கழிவது வட்டி. பார்த்தவுடன் பணம் தர வேண்டிய சைட் பில்லுக்கு, ஆவணம் போய்ப் பணம் திரும்பி வர 25 நாள் ஆகும் என்பது இந்திய வங்கிகளின் நீண்டநாள் வழக்கம். நார்மல் டிரான்சிட் பீரியட் என்பார்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் 25 நாளுக்கு 23,342 ரூபாய். பிறகு 0.10 சதவீதம் கமிஷன் 4,260 ரூபாய். கூரியருக்கும் ஸ்விஃப்ட் செய்திக்கும் 2,000 ரூபாய். இந்தச் சேவைகளுக்கும் டாலரை ரூபாயாக மாற்றியதற்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. 2,704 ரூபாய். எல்லாம் போகக் கணக்கில் விழுவது 42,27,694 ரூபாய்.

இதுவரை கழிந்தது எல்லாம் உள்ளூர்க் கழிவு. முன்பே தெரிந்த கழிவு. வட்டி என்பது பணத்தை ஒரு மாதம் முன்னதாக வாங்கியதற்கான விலை. கமிஷன் வீதம் வங்கிக்கு வங்கி மாறும். ஓரளவு பில் போடும் ஏற்றுமதியாளர் பேசிக் குறைக்கலாம். ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அது செலவே அல்ல. ஆனால் இங்கே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். வங்கி ஆவணத்தை "வாங்கிவிட்டது" என்றாலும், பணம் வராவிட்டால் ஏற்றுமதியாளரிடம் திரும்ப வசூலிக்கும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டுதான் வாங்கியிருக்கிறது. எல்.சி.க்குத் தன் சொந்த உறுதியையும் சேர்த்த கன்ஃபர்மிங் வங்கி நெகோஷியேட் செய்தால் மட்டுமே அந்த உரிமை இல்லை. ஆகவே கணக்கில் விழுந்த 42 லட்சமும், ஜெர்மனியிலிருந்து பணம் வரும்வரை, பாதி நம்முடையது பாதி கடன் என்ற நிலையில்தான் இருக்கிறது.

நெகோஷியேஷன் முடிந்து 34-ஆம் நாள் பணம் வருகிறது. வங்கி எதிர்பார்த்தது 50,000 டாலர். வந்தது 49,740. குறைந்த 260 டாலரை வங்கி தன் கையிலிருந்து போடாது. அன்றைய விற்பனை விகிதத்தில் ஏற்றுமதியாளர் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். வாங்கும்போது 85.20 கொடுத்த வங்கி, இப்போது 85.90 கேட்கிறது. 260 டாலருக்கு 22,334 ரூபாய். அதோடு 25 நாளுக்குத்தான் வட்டி எடுத்திருந்தது. பணம் 9 நாள் தாமதமாக வந்ததால் கூடுதல் வீதத்தில், இங்கே 10 சதவீதம், 10,504 ரூபாய் தாமத வட்டி.

இப்போது அந்த 260 டாலரைப் பிரிப்போம். ஜெர்மன் வங்கி அனுப்பிய விவரத்தில் நான்கு வரிகள் இருக்கின்றன. டிஸ்கிரிபன்சி கட்டணம் 100 டாலர். அது தொடர்பான ஸ்விஃப்ட் செய்திக்கு 35 டாலர். பணம் செலுத்தும் கமிஷன் 100 டாலர். இடையில் நியூயார்க்கில் டாலரைக் கைமாற்றிய வங்கி எடுத்தது 25 டாலர்.

நியூயார்க் வங்கியின் 25 டாலரிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதில் பேச அதிகம் இல்லை. டாலர் எங்கிருந்து எங்கே போனாலும் பொதுவாக அமெரிக்காவில் உள்ள ஏதோ ஒரு வங்கிக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். அதற்கான கூலி யார் தலையில் என்பதை எல்.சி.யின் 71D என்ற கட்டம் சொல்கிறது. எல்.சி. ஸ்விஃப்ட் செய்தியாக வரும்போது ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு எண் இருக்கும். கட்டணங்களுக்கான எண் 71D. நம் எல்.சி.யில் அந்தக் கட்டத்தில், ஜெர்மனிக்கு வெளியே ஏற்படும் வங்கிக் கட்டணங்கள் எல்லாம் ஏற்றுமதியாளரைச் சேரும் என்று எழுதியிருக்கிறது. இது மிகவும் பரவலான வாசகம். நியூயார்க் ஜெர்மனிக்கு வெளியே இருக்கிறது. ஆகவே 25 டாலர் நம்முடையதுதான்.

அதே வாசகத்தை வைத்துப் பார்த்தால் பணம் செலுத்தும் கமிஷன் 100 டாலர் என்ன ஆகிறது? அது ஜெர்மன் வங்கி ஜெர்மனியில் செய்த வேலைக்கான கூலி. 71D சொன்னபடி ஜெர்மனிக்கு உள்ளே ஆகும் கட்டணம் பையரைச் சேர வேண்டும். அதை நம்மிடம் எடுத்தது எல்.சி.க்கே முரணானது. இந்த இடத்தில்தான் நம் ஏற்றுமதியாளர்கள் பணத்தை விடுகிறார்கள். வரவு குறைந்தது தெரிகிறது, கட்டணப் பட்டியலை வங்கியிடம் கேட்டு வாங்குவதில்லை, வாங்கினாலும் எல்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். 71D-இல் நல்ல வாசகம் இருந்தாலும், கூடுதல் நிபந்தனைகள் எழுதப்படும் 47A கட்டத்தில் எங்கோ ஒரு வரியில் "எங்கள் செலுத்துகைக் கட்டணம் பில் தொகையில் கழிக்கப்படும்" என்று இருக்கலாம். அப்படி ஒரு வரி இருந்து, நாம் திருத்தம் கேட்காமல் சரக்கையும் அனுப்பிவிட்டால், பிறகு வாதாட இடமில்லை. நம் உதாரணத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே திருப்பூர் வங்கி வழியாக, எல்.சி. எண்ணையும் 71D வாசகத்தையும் மேற்கோள் காட்டி 100 டாலரைத் திருப்பிக் கேட்டு ஸ்விஃப்ட் செய்தி அனுப்பச் சொல்லலாம். தனிப்பட்ட மின்னஞ்சலில் பையரிடம் புலம்புவதைவிட இது பலன் தரும், ஏனென்றால் எடுத்தது பையர் அல்ல, வங்கி.

மீதி 135 டாலர்தான் எனக்கு மனம் பொறுக்காத பகுதி. அது பிழையின் விலை. அந்தப் பிழை தூத்துக்குடியில் ஐந்து நிமிடத்தில் திருத்தியிருக்கக்கூடியது. சரக்கு திருப்பூர்ப் பக்கம் கண்டெய்னரில் ஏற்றப்பட்டு லாரியில் தூத்துக்குடி போனது. பில் ஆஃப் லேடிங்கில், சரக்கைப் பெற்ற இடம் திருப்பூர் என்றும், கப்பலுக்கு முந்திய பயணம் லாரியில் என்றும் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பியிருந்தார்கள். அப்படி நிரப்பினால், சரக்கு உண்மையில் கப்பலேறியதைக் காட்டும் ஆன் போர்டு முத்திரையில் தேதி மட்டும் போதாது. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்பதும் இருக்க வேண்டும். காரணம் எளியது. வெறும் தேதி இருந்தால், அது லாரியில் ஏற்றிய தேதியா கப்பலில் ஏற்றிய தேதியா என்று படிப்பவருக்குத் தெரியாது. நம் ஆவணத்தில் தேதி மட்டும் இருந்தது. கப்பல் கம்பெனி ஏஜெண்ட் அலுவலகத்தில் கேட்டிருந்தால் கப்பல் பெயரையும் துறைமுகப் பெயரையும் சேர்த்து முத்திரை போட்டுக் கொடுத்திருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. திருப்பூர் வங்கியின் கண்ணிலும் அது தப்பியது. ஜெர்மன் வங்கியின் கண்ணில் தப்பவில்லை.

பிழை கண்ட வங்கி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு யூ.சி.பி. கறாரான கெடு வைத்திருக்கிறது. ஆவணம் வந்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி வேலை நாள்களுக்குள், என்னென்ன பிழை என்று எல்லாவற்றையும் ஒரே அறிவிப்பில் சொல்லி மறுக்க வேண்டும். தவறினால், பிழை இருக்கிறது என்று சொல்லும் உரிமையே போய்விடும். பணம் தந்தாக வேண்டும். மறுப்பு பெரும்பாலும் MT 734 என்ற ஸ்விஃப்ட் செய்தியாக வரும். டிஸ்கிரிபன்சி கட்டணம் பிடித்திருப்பதைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அந்த MT 734 எங்கே, எந்தத் தேதியில் வந்தது? மறுப்பே அனுப்பாமல், முழுப் பணத்தையும் அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் கழிக்கும் வங்கிகளும் உண்டு; அந்த நிலையில் பிழை என்னவென்று எழுத்தில் கேட்பது நம் உரிமை. இங்கே MT 734 மூன்றாம் நாளே வந்திருந்தது. பிழையும் உண்மையானது. ஆகவே 135 டாலரைத் திருப்பிக் கேட்க வழியில்லை.

அந்தப் பிழையின் விலை 135 டாலரோடு நிற்கவும் இல்லை. மறுப்பு வந்ததும் பணம் உடனே வராது. ஜெர்மன் வங்கி பையரிடம் "இந்தப் பிழையோடு ஏற்றுக்கொள்கிறீர்களா" என்று கேட்கும். பையர் சம்மதிக்க எடுத்துக்கொண்ட நாள்கள்தான் நம் 9 நாள் தாமதம். ஆக 10,504 ரூபாய் தாமத வட்டியும் அந்த முத்திரைக் கணக்கில்தான் சேரும். 135 டாலருக்கு 11,596 ரூபாய். இரண்டும் சேர்ந்து 22,100 ரூபாய். 25 நாள் வட்டியாகக் கட்டியதற்கு ஏறக்குறைய நிகர்.

பையர் சம்மதிக்காமலே போயிருந்தால்? பணம் வராத பில்லை வங்கி குறிப்பிட்ட காலம் வரை வைத்திருந்து, பிறகு கிறிஸ்டலைஸ் செய்யும். அதாவது 50,000 டாலரையும் அன்றைய விற்பனை விகிதத்தில் ஏற்றுமதியாளருக்கே திருப்பி விற்று, அந்த ரூபாயை வட்டியோடு வசூலிக்கும். 85.20-க்கு வாங்கி 85.90-க்கு விற்றால் விகித வித்தியாசம் மட்டும் 35,000 ரூபாய். நெகோஷியேஷன் ஆன நாளோடு டாலர் ஏற்ற இறக்கம் நம்மை விட்டுவிட்டது என்று நினைப்பது, பணம் முழுதாக வரும் பில்லுக்கு மட்டுமே உண்மை.

இன்னொரு சாத்தியத்தையும் பார்க்க வேண்டும். நடைமுறையில் இதுதான் அதிகம் வலிக்கும். சந்தை மந்தமாக இருக்கும் காலத்தில், பிழை கிடைத்த பையர் சும்மா சம்மதிக்க மாட்டார். "2 சதவீதம் குறைத்துக்கொள், ஏற்கிறேன்" என்பார். சரக்கு கடலில் இருக்கும்போது ஏற்றுமதியாளருக்கு வேறு வழி குறைவு. இப்போது 50,000-த்தில் 1,000 டாலர் குறைகிறது. வங்கிக் கணக்கில் பார்த்தால் இதுவும் குறைவு, அதுவும் குறைவு. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல.

இந்தியாவிலிருந்து போகும் ஒவ்வொரு ஏற்றுமதியும் சுங்கத் துறையின் ஷிப்பிங் பில்லில் பதிவாகிறது. அந்த விவரம் ரிசர்வ் வங்கி 2014-இல் தொடங்கிய ஈ.டி.பி.எம்.எஸ். என்ற கண்காணிப்பு அமைப்புக்குப் போகிறது. அங்கே 50,000 டாலர் வர வேண்டும் என்று ஒரு வரி திறந்திருக்கும். பணம் வரவர வங்கி அதில் பதிந்து, முழுதும் ஈடாகும்போது வரி மூடப்படும். 49,740 வந்தால் 260 டாலருக்கான காரணத்தை வங்கி அதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கட்டணம் என்பது ஏற்கத்தக்க காரணம். கட்டண விவரத்தை இணைத்து ஏற்றுமதியாளர் ஒரு கடிதம் கொடுத்தால் வரி மூடிவிடும். கடிதம் கொடுக்காவிட்டால் 260 டாலர் அங்கேயே வராத பணமாகத் தொங்கும். வெறும் 260 டாலர்தானே என்று விட்டவர்களின் ஷிப்பிங் பில்கள், சில ஆண்டுகள் கழித்து நூற்றுக்கணக்கில் நிலுவைப் பட்டியலாக வந்து நிற்கும்.

1,000 டாலர் தள்ளுபடி அப்படியல்ல. அது விலைக் குறைப்பு. வங்கியின் அனுமதி வேண்டும். குறைத்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில் வாங்கிய அரசுச் சலுகைகளைத் திருப்பித் தர வேண்டும். சுங்க வரித் திருப்பியான டிராபேக், கைக்கு வந்த பணத்தின் மேல்தான் நிலைக்கும். வராத பகுதிக்கு வாங்கியதை 2017-ஆம் ஆண்டு டிராபேக் விதிகளின்படி அரசு திரும்பக் கேட்கலாம். வங்கிக் கட்டணத்தால் குறைந்த பணத்துக்கும் இதே போல டிராபேக்கைக் குறைக்க வேண்டுமா என்று நீண்ட காலம் குழப்பம் இருந்தது. மத்திய மறைமுக வரி வாரியம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட 33-ஆம் எண் சுற்றறிக்கை அதைத் தீர்த்தது. வெளிநாட்டு வங்கிக் கட்டணத்தைக் கழிக்காமலே டிராபேக் தரலாம். ஏஜெண்ட் கமிஷனும் வங்கிக் கட்டணமும் சேர்ந்து எஃப்.ஓ.பி. மதிப்பில் 12.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் வரம்பு.

ஆகவே பையர் தள்ளுபடி கேட்டு வாங்கியதைக் "கட்டணம்" என்று எழுதுவதும் தவறு; வங்கி எடுத்த கட்டணத்தைத் "தள்ளுபடி" என்று எழுதிச் சலுகையை இழப்பதும் வீண். இரண்டாவதை அறியாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

கணக்குப் புத்தகத்திலும் இதே பிரிவு தெரிய வேண்டும். நெகோஷியேஷன் நாளில் பையர் கணக்கை முடித்துவிடுவது பொதுவாக நடக்கும் தவறு. அன்று பணம் தந்தது பையர் அல்ல, நம் வங்கி. அதனால் 42,60,000 ரூபாயை "நெகோஷியேட் செய்த பில்கள்" என்ற பொறுப்புக் கணக்கில் வரவு வைத்து, வங்கிக்கு 42,27,694, வட்டிக்கு 23,342, கட்டணத்துக்கு 6,260, ஜி.எஸ்.டி. உள்ளீட்டுக்கு 2,704 என்று பற்று எழுத வேண்டும். ஜெர்மனியிலிருந்து பணம் வந்த நாளில்தான் பையரின் 42,50,000-ஐயும் இந்தப் பொறுப்பையும் எதிரெதிராக முடிக்க வேண்டும். இடையில் நிற்கும் 10,000 ரூபாய் நாணய மாற்று லாபம். அதே நாளில் 22,334 ரூபாயை வெளிநாட்டு வங்கிக் கட்டணத்திலும், 10,504 ரூபாயைத் தாமத வட்டியிலும் எழுத வேண்டும். திருப்பிக் கேட்டிருக்கும் 100 டாலர் வந்தால், வந்த நாளில் கட்டணக் கணக்கில் குறைத்துக்கொள்ளலாம்.

பல நிறுவனங்களில் 260 டாலர் பையரின் பெயரிலேயே பாக்கியாகக் கிடக்கும். அவர் தர வேண்டியது எதுவும் இல்லை. முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். ஆண்டு முடிவில் ஆடிட்டர் கேட்கும்போது அதை நாணய மாற்று நஷ்டம் என்று எழுதித் தீர்ப்பார்கள். அப்போது உண்மையில் கிடைத்த 10,000 ரூபாய் லாபம் மறைந்து, தூத்துக்குடி முத்திரைப் பிழையின் செலவு டாலர் சந்தையின் மேல் விழுந்துவிடும். அந்தப் பிழை அடுத்த பில்லிலும் வரும்.

பிரித்து எழுதினால் என்ன தெரிகிறது? இந்த ஒரு பில்லில் வட்டி, கமிஷன், வெளிநாட்டுக் கட்டணம், தாமத வட்டி எல்லாம் சேர்ந்து 62,440 ரூபாய் போயிருக்கிறது. அதில் பிழையால் போனது 22,100. உரிமையில்லாமல் எடுத்த 100 டாலர் 8,590 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 30,690, ஏறக்குறைய பாதி. மீதிப் பாதிதான் எல்.சி. வியாபாரத்தின் உண்மையான செலவு. விலை பேசும்போது கணக்கில் சேர்க்க வேண்டியதும் அந்த மீதிப் பாதியைத்தான். அதன்படி ஒரு டி-ஷர்ட்டுக்கு இரண்டரை ரூபாய்க்குச் சற்றுமேல்.

விலை பேசும் நேரம்தான் 71D பற்றிப் பேசவும் சரியான நேரம். பையர் எல்.சி. திறக்கும் முன் நாம் அனுப்பும் புரோஃபார்மா இன்வாய்ஸில், எல்.சி. திறக்கும் வங்கியின் கட்டணங்கள் எல்லாம், செலுத்துகைக் கமிஷன் உட்பட, பையரைச் சேரும் என்று எழுதிவிடலாம். எல்.சி. வந்ததும் முதலில் 71D-ஐயும் 47A-ஐயும் படித்து, பேசியதற்கு மாறாக இருந்தால் துணி வெட்டும் முன்பே திருத்தம் கேட்க வேண்டும். சரக்கு கப்பலேறிய பிறகு திருத்தம் கேட்டால் பையருக்கு அவசரம் எதுவும் இருக்காது. டிஸ்கிரிபன்சி கட்டணம் எவ்வளவு என்பதும் பெரும்பாலும் 47A-இல்தான் இருக்கும். ஆவணங்களை வங்கியில் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நகல்களைக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டால், திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். எல்.சி. வேறு கெடு சொல்லாவிட்டால் யூ.சி.பி. கப்பலேறிய நாளிலிருந்து 21 நாள் தருகிறது, எல்.சி. காலாவதிக்குள் அது முடிய வேண்டும். கெடு 48 என்ற கட்டத்தில் இருக்கும். அதை 15 நாள், 10 நாள் என்று சுருக்கியிருந்தால் அப்போதே கேள்வி கேட்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் ஓர் எல்லை உண்டு. இந்தக் கட்டணங்களில் பல, பில் தொகை சிறிதானாலும் பெரிதானாலும் மாறாதவை. 50,000 டாலர் பில்லில் 260 டாலர் என்பது அரை சதவீதம். இதே 260 டாலர் 8,000 டாலர் பில்லில் பிடிக்கப்பட்டால் மூன்றேகால் சதவீதம். பின்னலாடையில் அது லாபத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதனால் சிறிய ஆர்டர்களை ஒரே எல்.சி.யில் சேர்த்து அனுப்ப முடியுமா என்று பையரிடம் கேட்டுப் பார்க்கலாம். சேர்க்க முடியாத சிறிய ஆர்டருக்கு, பழகிய பையராக இருந்தால், ஒரு பகுதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு மீதியை வங்கி வழி கலெக்‌ஷனில் அனுப்புவதே மலிவு. அங்கே வங்கியின் வாக்குறுதி கிடையாது. புதிய பையர், சிறிய ஆர்டர் இரண்டும் சேர்ந்து வந்தால், எல்.சி. கட்டணத்தை விலையில் ஏற்றிச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால் அந்த ஆர்டரை விட்டுவிடுவதே கணக்குக்குச் சரி.